மடிப்புக்குள் ஆள் போய்விடாமல்: கேன்வாஸ் பிரிண்டுக்குப் படத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும்?

கேன்வாஸ் பிரிண்ட் கைக்கு வந்ததும் எழும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். ஓரத்தில் நின்றவரின் தோளைக் காணோம், காலணிகளைக் காணோம், மூலையில் போட்ட கையெழுத்தைக் காணோம். உண்மையில் எதுவும் காணாமல் போகவில்லை. சட்டத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் தோள் அங்கேதான் மடிந்து நிற்கும். அச்சிட்டவர் படத்தை வெட்டவில்லை, மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். கட்டுவதற்கு வேண்டிய துணியை ஆளின் மேலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

புத்தகத்துக்கு அட்டை போட்டவர்களுக்கு இது உடனே புரியும். புத்தகத்தின் அளவுக்கே தாளை வெட்டினால் உள்ளே மடிக்க ஒன்றும் இருக்காது. கேன்வாஸிலும் அதே கதைதான். ஆனால் இங்கே மடியும் தாளின் மேலும் படம் இருக்கிறது. ஆகவே எவ்வளவு மடியும் என்பதை அச்சுக்கு அனுப்பும் முன்பே, முடிந்தால் படம் எடுக்கும்போதே, கணக்குப் போட்டுவிட வேண்டும். கணக்கு கடினமில்லை. பலரும் வழுக்கி விழும் இடம் அதில் ஒன்று உண்டு, அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

துணி எங்கெங்கே போகிறது

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸில் மூன்று பகுதிகள் உண்டு. சுவரில் மாட்டினால் நேரே தெரிவது முகப்பு. "24க்கு 16 அங்குலம்" என்று நாம் ஆர்டர் கொடுப்பது இந்த முகப்பின் அளவைத்தான். அதிலிருந்து சட்டத்தின் தடிமன் அளவுக்குத் திரும்புவது பக்கவாட்டு. அங்கிருந்து மறுபடி உள்ளே மடிந்து, ஸ்டேப்பிள் அடித்து நிறுத்தப்படுவது பின்மடிப்பு. பக்கவாட்டை அறைக்குள் சரிந்து நின்றால் பார்க்கலாம். பின்மடிப்பை யாரும் பார்ப்பதில்லை.

பரவலாகக் கிடைக்கும் சட்டங்கள் இரண்டு தடிமனில் வருகின்றன: முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர்; ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். பின்மடிப்புக்கு அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை வேண்டும். அதற்குக் குறைந்தால் இழுத்துப் பிடிக்கக் கைக்குத் துணி அகப்படாது. ஒன்றரை அங்குலச் சட்டம், அரை அங்குலப் பின்மடிப்பு என்று வைத்துக்கொண்டால் நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாகத் தேவை. 24க்கு 16 முகப்புக்கு அச்சாக வேண்டிய முழுப் படம் 28க்கு 20. இந்தக் கட்டுரை முழுக்க இந்த அளவையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சட்டம் வேறாக இருந்தால் 2 என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி மாறாது.

எதையும் திறப்பதற்கு முன் அச்சிடுபவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். சட்டத்தின் தடிமன் என்ன, பின்மடிப்புக்கு எவ்வளவு எடுக்கிறார்கள், நாம் அனுப்பும் கோப்பு மடிப்பையும் சேர்த்த முழு அளவில் இருக்க வேண்டுமா அல்லது முகப்பு அளவில் மட்டுமா. மூன்றாவது கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். சிலர் முழு அளவுக் கோப்பைக் கேட்பார்கள். சிலர் நீங்கள் ஏற்றும் படத்தை அப்படியே பெரிதாக்கி, அதன் ஓரத்தையே மடிப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். வேறு சிலர் முகப்பு அளவில் வாங்கி, பக்கவாட்டுக்குத் தாங்களே கண்ணாடிப் பிம்பமோ ஒற்றை வண்ணமோ போடுவார்கள். முகப்பு அளவு கேட்பவரிடம் நீங்கள் ஓரம் சேர்த்த கோப்பைக் கொடுத்தால், நீங்கள் விட்ட ஓரமும் முகப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆள் சின்னதாகி, சுற்றிலும் காலி இடத்தோடு நிற்பார்.

விகிதம் மாறுவதுதான் பொறி

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் 3:2 விகிதத்தில் படம் எடுக்கின்றன. 24க்கு 16 முகப்பும் 3:2தான். விகிதம் பொருந்துகிறதே, எதுவும் வெட்டுப்படாது என்று தோன்றும். ஆனால் நான்கு பக்கமும் சமமாக 2 அங்குலம் சேர்த்ததும் முழு அளவு 28க்கு 20 ஆகிவிட்டது. அது 3:2 அல்ல, 7:5. நீள்சதுரத்தைச் சுற்றிச் சம அளவில் ஓரம் சேர்த்தால் அது எப்போதும் கொஞ்சம் சதுரத்தை நோக்கி நகரும். அதனால் 3:2 படத்தை அந்த முழு அளவில் பொருத்தும்போது நீளவாக்கில் இரு முனையும் முதலில் வெட்டுப்படும். மீதமிருப்பதன் ஓரம் அதற்குப் பிறகு மடிப்புக்குள் போகும். இழப்பு இரண்டு தடவை நடக்கிறது. பலர் இரண்டாவதை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள்.

எண்ணில் பார்ப்போம். 6000க்கு 4000 பிக்சல் படம். 28க்கு 20 விகிதத்துக்கு க்ராப் செய்தால் 5600க்கு 4000 கிடைக்கும், இடமும் வலமும் 200 பிக்சல் போய்விடும். 5600 பிக்சல் 28 அங்குலத்தில் பரவுவதால் அங்குலத்துக்கு 200 பிக்சல். 2 அங்குல ஓரம் என்றால் 400 பிக்சல். ஆக முகப்பில் மிஞ்சுவது 4800க்கு 3200. இடமும் வலமும் 600 பிக்சல், மேலும் கீழும் 400 பிக்சல் முகப்புக்கு வெளியே போயிருக்கிறது. படத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சரியாகப் பத்தில் ஒரு பங்கு.

அது தற்செயல் அல்ல. முகப்பின் விகிதமும் படத்தின் விகிதமும் ஒன்றாக இருக்கும் வரை, எவ்வளவு மிஞ்சும் என்பதைக் குட்டைப் பக்கமே தீர்மானிக்கிறது:

```
மிஞ்சும் பங்கு = குட்டைப் பக்கம் ÷ (குட்டைப் பக்கம் + 2 × ஓரம்)
24 × 16 :  16 ÷ (16 + 4) = 0.80
12 × 8  :   8 ÷ (8 + 4)  = 0.67
36 × 24 :  24 ÷ (24 + 4) = 0.86
```

சென்டிமீட்டரில் போட்டாலும் சூத்திரம் இதேதான். 60க்கு 40 முகப்பு, 5 சென்டிமீட்டர் ஓரம் என்றால் 40ஐ 50ஆல் வகுக்க, அங்கேயும் 0.80.

நடுவரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 12க்கு 8 என்ற சின்ன கேன்வாஸில் படத்தின் நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் முகப்புக்கு வருகிறது. பரப்பில் பார்த்தால் பாதிகூட இல்லை, 44 சதவீதம். "சின்ன அளவுதானே, எதற்குக் கணக்கு" என்று நினைக்கும் இடத்தில்தான் இழப்பு அதிகம். ஓரத்தின் அங்குலம் மாறாமல் இருக்க, முகப்பு மட்டும் சுருங்குவதால் வரும் வினை இது. சின்ன அளவுக்கு முக்கால் அங்குலச் சட்டத்தைக் கேட்பது நல்லது. ஓரம் 1.25 அங்குலமாகக் குறைந்து, மிஞ்சும் பங்கு 0.76க்கு ஏறும். தடித்த சட்டம் பெரிய படத்துக்குக் கம்பீரமாக இருக்கும். 12க்கு 8இல் அது பெட்டி மாதிரிதான் நிற்கும் என்பது என் எண்ணம்.

முகப்பின் விகிதம் படத்தின் விகிதத்திலிருந்து மாறினால் மேலே சொன்ன சூத்திரம் உதவாது, நேராகவே போட வேண்டும். உதாரணமாக 3:2 படத்திலிருந்து 20க்கு 16 முகப்பு வேண்டுமானால் முழு அளவு 24க்கு 20. அந்த விகிதத்தில் 6000க்கு 4000 படம் 4800க்கு 4000 ஆகும். முகப்பு 4000க்கு 3200. நீளவாக்கில் ஒவ்வொரு முனையிலும் 1000 பிக்சல் போகிறது, அதாவது ஆறில் ஒரு பங்கு. மேலும் கீழும் பத்தில் ஒரு பங்கே. குழுப் படத்துக்கு இது கொடுமையான தேர்வு.

மடிப்புக் கோட்டின் மேல் எதையும் நிறுத்தாதீர்கள்

கணக்குப்படி முகப்புக்குள் வருகிறது என்பதால் மட்டும் ஆள் பத்திரம் என்று சொல்ல முடியாது. துணியை மனிதர் கையால் இழுத்துக் கட்டுகிறார். கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்வது சகஜம். சற்றுச் சாய்ந்தும் போகலாம். அதோடு, சட்டத்தின் விளிம்பு கத்தி முனைபோல் இருக்காது, லேசாக உருண்டிருக்கும். கோட்டை ஒட்டிய சில மில்லிமீட்டர் முகப்புமாகாமல் பக்கவாட்டுமாகாமல் வளைந்து நிற்கும்.

ஆகவே முகப்புக்கு உள்ளேயும் அரை அங்குலத்தைக் காவல் பட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். 24க்கு 16 முகப்பில் ஆள் இருக்க வேண்டிய இடம் 23க்கு 15. கையெழுத்து, தேதி போன்ற எழுத்துகளுக்கு ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள். மூலைகள் இன்னும் மோசம். அங்கே இரண்டு பக்கத்துத் துணியும் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்துச் செருகப்படும். முழுக் கோப்பின் நான்கு மூலைச் சதுரங்களில் இருப்பது கட்டிய பின் பெரும்பாலும் வெளியே தெரியாது.

ஓரத்துக்கு இணையாக ஓடும் மெல்லிய கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவு நிலை, கம்பம், படத்தைச் சுற்றிப் போட்ட கறுப்பு பார்டர் இவையெல்லாம் மடிப்புக்கு அருகே இருந்தால் துணி சாய்ந்திருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு முனையில் ஐந்து மில்லிமீட்டரும் மறுமுனையில் இரண்டு மில்லிமீட்டருமாகத் தெரியும் பார்டரைக் கண் உடனே பிடிக்கும். பார்டரை எடுத்துவிடுவதே மேல். கம்பத்தை அழிக்க முடியாவிட்டால், அது முழுதாகப் பக்கவாட்டில் விழும்படியோ நன்றாக உள்ளே வரும்படியோ க்ராப்பை நகர்த்துங்கள்.

காவல் பட்டையையும் சேர்த்தால், படம் எடுக்கும்போது நினைவில் வைக்க ஓர் எளிய அளவு கிடைக்கிறது. 24க்கு 16 கேன்வாஸுக்கு ஒவ்வொரு பக்கமும் பத்து சதவீதம் மடிப்புக்கும் வெட்டுக்கும், இரண்டு இரண்டரை சதவீதம் காவலுக்கு. ஆக ஆள், கை, கால், பறக்கும் முந்தானை எல்லாம் வியூஃபைண்டரின் நடு முக்கால் பங்குக்குள் அடங்க வேண்டும். 12க்கு 8க்கு இதே ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால் பாதிக்குச் சற்று அதிகமான இடத்துக்குள். திரையில் பார்க்கும்போது "இவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டுமா" என்று இருக்கும். தள்ளி நில்லுங்கள். க்ராப் செய்து நெருங்குவது எளிது, இல்லாத ஓரத்தை உண்டாக்குவது எளிதல்ல.

நெருக்கி எடுத்த படம் ஒன்றைச் சரிசெய்வோம்

பெரும்பாலும் நம் கையில் இருப்பது ஏற்கனவே எடுத்து முடித்த படம். ஐந்து பேர் வரிசையாக நிற்கும் குழுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6000க்கு 4000 பிக்சல். இடக்கோடியில் இருப்பவரின் முழங்கை படத்தின் இட விளிம்பிலிருந்து 350 பிக்சலில் இருக்கிறது. வலக்கோடித் தோள் வல விளிம்பிலிருந்து 700 பிக்சல் உள்ளே. உயரமானவரின் தலை மேலிருந்து 450 பிக்சலில். காலணிகள் கீழ் விளிம்பிலிருந்து 150 பிக்சல்தான் மேலே. பின்னணியில் வெற்றுச் சுவர், காலடியில் புல்தரை.

முதல் சோதனை இது: குழுவின் அகலம் என்ன, முகப்பின் அகலம் என்ன? 6000இலிருந்து 350ஐயும் 700ஐயும் கழித்தால் குழு 4950 பிக்சல். சாதாரணமாக க்ராப் செய்தால் முகப்பு 4800 பிக்சல் என்று பார்த்தோம். க்ராப்பை இடமோ வலமோ எப்படி நகர்த்தினாலும் யாராவது ஒருவர் மடிப்புக்குள் போவார். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், க்ராப் பெட்டியை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதை வீணாக்க வேண்டியதில்லை. பொருந்தாது என்றால் பொருந்தாது. படத்தைச் சுற்றி ஓரம் சேர்த்தே ஆக வேண்டும்.

எவ்வளவு சேர்ப்பது? இதற்கு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும். குழுவின் அகலம் 4950 பிக்சல் 23 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும்: வகுத்தால் சுமார் 215. குழுவின் உயரம் 4000இலிருந்து 450ஐயும் 150ஐயும் கழிக்க 3400, அது 15 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும்: சுமார் 227. இரண்டில் பெரியதை எடுத்துக் கொஞ்சம் மேலே ஏற்றி 230 என்று வைக்கலாம். இப்போது முகப்பு 5520க்கு 3680 பிக்சல். 2 அங்குல ஓரம் 460 பிக்சல். முழுக் கோப்பு 6440க்கு 4600.

அடுத்து, குழுவை முகப்பின் நடுவில் வையுங்கள். அகலத்தில் 570 பிக்சல் மிச்சம், பக்கத்துக்கு 285. குழு 350ஆவது பிக்சலில் தொடங்குவதால் முகப்பு 65ஆவது பிக்சலில் தொடங்கி 5585இல் முடியும். உயரத்தில் 280 மிச்சம், பக்கத்துக்கு 140. முகப்பு 310இல் தொடங்கி 3990இல் முடியும். இந்த நான்கு எண்களும் அசல் படத்துக்குள்ளேயே இருப்பதைப் பாருங்கள். முகப்பில் தெரியப்போகும் ஒவ்வொரு பிக்சலும் கேமரா எடுத்தது. நாம் செயற்கையாகச் சேர்க்கப்போவதெல்லாம் மடிப்புக்கு அப்பால்தான் விழும். இந்த நிலை கிடைக்கும் வரை எண்களைச் சற்று நகர்த்திப் பார்ப்பது வீண்போகாது. ஒட்டு முகப்பில் விழுந்தால் தினமும் உறுத்தும். பக்கவாட்டில் விழுந்தால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

முகப்பிலிருந்து நான்கு திசையிலும் 460 பிக்சல் வெளியே போனால் சேர்க்க வேண்டிய அளவு தெரிந்துவிடும்: இடப்பக்கம் 395, வலப்பக்கம் 45, மேலே 150, கீழே 450.

சேர்ப்பதற்கு எளிய வழி, ஓரத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி ஒட்டுவது. ஃபோட்டோஷாப்பில் Image > Canvas Size மூலம் இடத்தை விரித்து, ஓரப் பட்டையை நகலெடுத்து Flip Horizontal அல்லது Flip Vertical செய்து ஒட்டலாம். கட்டளை வரியில் படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் ஒரே கட்டளையில் முடியும்:

```
magick group.jpg -virtual-pixel Mirror \
  -set option:distort:viewport 6440x4600-395-150 \
  -filter point -distort SRT 0 +repage \
  -units PixelsPerInch -density 230 wrap.png
```

6440x4600 என்பது முழுக் கோப்பின் அளவு. அதை ஒட்டி வரும் 395உம் 150உம் இடத்திலும் மேலேயும் சேர்க்கும் பிக்சல்கள். வலமும் கீழும் தாமாகவே கணக்காகிவிடும்.

கட்டளை ஓடியதும் முடிந்தது என்று அனுப்பிவிடாதீர்கள். கண்ணாடிப் பிம்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஓரத்துக்கு நெருக்கமாக இருக்கும் எதுவும் இரட்டித்துப் போகும். நம் படத்தில் இடக்கோடியில் இருப்பவரின் முழங்கை விளிம்பிலிருந்து 350 பிக்சலில் இருப்பதால், அதன் பிம்பமும் விளிம்புக்கு வெளியே 350 பிக்சலில் தோன்றும். அங்கே பக்கவாட்டு எதுவரை? முகப்பு தொடங்கும் 65இலிருந்து ஒன்றரை அங்குலம், அதாவது 345 பிக்சல் பின்னால் போனால் விளிம்புக்கு வெளியே 280 பிக்சலோடு பக்கவாட்டு முடிகிறது. முழங்கையின் பிம்பம் அதற்கும் அப்பால், பின்மடிப்பில் ஸ்டேப்பிளுக்கு அடியில் போய்விடுகிறது. கவலை இல்லை.

கீழ்ப்பக்கம் அப்படி இல்லை. காலணிகள் விளிம்பிலிருந்து 150 பிக்சலில் இருப்பதால், அவற்றின் பிம்பமும் 150 பிக்சல் வெளியே தலைகீழாகத் தொடங்கும். அது பக்கவாட்டின் நடுவில் விழுகிறது. படத்தைக் கண்ணுக்கு மேல் மாட்டினால், கீழிருந்து பார்ப்பவருக்கு ஐந்து ஜோடித் தலைகீழ்க் காலணிகள் தெரியும். இங்கே பிம்பத்தை அழித்துவிட்டு, Clone Stamp கொண்டு புல்தரையைத் தொடர்ந்து நிரப்ப வேண்டும். புல், மணல், சுவர், வானம் போன்றவை ஒட்டுவதை எளிதில் மறைக்கும். பக்கவாட்டில்தான் வருகிறது என்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் அதில் மெனக்கெடத் தேவையில்லை.

எதிலும் மனம் ஒப்பவில்லையென்றால் பக்கவாட்டை ஒற்றை வண்ணத்தில் விட்டுவிடலாம். ஆனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரு பிரச்சினை: துணி இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த வண்ணம் முகப்பில் கோடாக எட்டிப் பார்க்கும். படத்தின் ஓரத்திலேயே இருக்கும் ஒரு நிறத்தைத் தேர்ந்தால் அந்தக் கோடு அவ்வளவாக உறுத்தாது. படத்தின் அசல் பிக்சலை மடிப்புக் கோட்டைத் தாண்டி ஒரு கால் அங்குலமாவது விட்டு, அதற்குப் பிறகு வண்ணத்தைத் தொடங்குவது இன்னும் நல்லது.

230 பிக்சல் போதுமா என்று கேட்கலாம். கேன்வாஸின் நெசவே நுண்விவரத்தை ஓரளவு விழுங்கிவிடும், பார்ப்பவரும் ஓரடி இரண்டடி தள்ளியே நிற்பார். அங்குலத்துக்கு 150க்கு மேல் இருந்தால் பொதுவாகக் குறை தெரியாது. அதனால் ஓரம் விடுவதற்காகக் கொஞ்சம் பிக்சலை இழக்கத் தயங்க வேண்டாம்.

அனுப்பும் முன் மடித்துப் பாருங்கள்

முழுக் கோப்பில் மடிப்புக் கோடுகளை வரைந்து பார்ப்பது முதல் சோதனை. ஃபோட்டோஷாப்பில் View மெனுவில் New Guide Layout திறந்து, Margin பகுதியில் நான்கு பக்கமும் 2 in என்று கொடுத்தால் முகப்பின் எல்லை வந்துவிடும். மறுபடி 2.5 in கொடுத்தால் காவல் பட்டையின் உள்கோடு. GIMPஇல் Image > Guides > New Guide மூலம் ஒவ்வொன்றாக வைக்கலாம். இந்தக் கோடுகள் திரையில் மட்டும் தெரிபவை, அச்சில் வராது. ஆனால் பிரஷ்ஷால் ஒரு கோடு வரைந்து "பிறகு அழித்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். அது அச்சாகி வரும்.

அடுத்த சோதனை திரையை நம்பாதவர்களுக்கு, அதாவது என் கட்சிக்காரர்களுக்கு. முழுக் கோப்பை மூன்றில் ஒரு பங்கு அளவில் ஏ4 தாளில் அச்செடுங்கள். 28க்கு 20 படம் 9.3க்கு 6.7 அங்குலமாக வரும், தாளில் நன்றாக அடங்கும். ஓரத்திலிருந்து 0.67 அங்குலத்தில், அதாவது 17 மில்லிமீட்டரில், நான்கு பக்கமும் கோடு போட்டு, படத்தின் ஓரத்தோடு தாளை வெட்டிவிட்டுப் பின்பக்கமாக மடியுங்கள். முகப்பு மட்டும் கண்முன் நிற்கும். திரையில் பத்திரமாகத் தெரிந்த தலைமுடி விளிம்பை முட்டிக்கொண்டு நிற்பது அப்போதுதான் உறைக்கும். சரியாகப் பொருந்துவது ஒன்று, மூச்சுவிட இடம் இருப்பது வேறு. தாளை எதிர்ச் சுவரில் ஒட்டி, எட்டி நின்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அச்சிடுபவரின் இணையப் பக்கத்தில் படத்தை ஏற்றும்போது வரும் மாதிரிக் காட்சியையும் விட்டுவிடாதீர்கள். அதில் மடிப்புக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து, உங்கள் கோப்பில் நீங்கள் வைத்த கோட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இல்லையென்றால் நீங்கள் கேட்டு எழுதி வைத்த மூன்றில் ஏதோ ஒன்று தவறு. தானாகப் பொருத்தும் வசதி, கண்ணாடிப் பிம்பம் போடும் வசதி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். உங்கள் கோப்பிலேயே மடிப்பு இருக்கிறதே.

வந்தபின் ஆள் வெட்டுப்பட்டிருந்தால்

தவறு கோப்பிலா, கட்டியதிலா என்பதைக் கேன்வாஸின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். திருப்பிப் போட்டு, நான்கு பக்கமும் பின்மடிப்பின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கால் அங்குலமும் எதிர்ப்பக்கம் முக்கால் அங்குலமும் இருந்தால் துணி நகர்ந்திருக்கிறது. கால் அங்குலம் இருக்கும் பக்கத்தில் படம் முகப்புக்கு உள்ளே தள்ளியும், முக்கால் அங்குலம் இருக்கும் பக்கத்தில் மடிப்புக்குள் கூடுதலாகவும் போயிருக்கும். வெட்டுப்பட்ட தோள் அந்த முக்கால் அங்குலப் பக்கத்தில் இருந்தால் கட்டியவரிடம் கேட்கலாம். நான்கு பக்கமும் சமமாக அரை அங்குலம் இருந்தும் தோள் மடிப்புக்குள் இருந்தால், கட்டியவர் மேல் குற்றமில்லை. கோப்பிலோ, ஏற்றும்போது நடந்த க்ராப்பிலோதான் தேட வேண்டும்.

நகர்ந்த துணியை ஸ்டேப்பிள் எடுத்துவிட்டு மறுபடி கட்ட முடியுமா என்றால், பின்மடிப்பில் பிடிக்கத் துணி இருந்தால் முடியும். ஆனால் பழைய மடிப்பு போகாது. மேற்பூச்சு அங்கே வளைந்து, மெல்லிய வெள்ளைக் கோடாக விரிசல் கண்டிருக்கலாம். புதிய இடத்தில் கட்டும்போது அந்தக் கோடு முகப்புக்குள் வந்து நிற்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகலுக்காகப் பிரித்துக் கட்டுவதைவிட அப்படியே விடுவதுதான் மேல். காவல் பட்டை வைத்திருந்தால் அந்த விலகல் உங்கள் ஆட்களைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. அரை அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் மறு அச்சு கேளுங்கள். கேட்கும்போது பின்மடிப்பு மேல் அளவுகோலை வைத்து எடுத்த படத்தையும், கோடுகளோடு உங்கள் கோப்பின் திரைப்பிடிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.